ஒரு கழித்தல் கணக்கும் ஐந்து அறிஞர்களும்

கல்வி உளவியல் பாடத்தைப் படித்தவர்களுக்கு நினைவில் நிற்பது பெயர்களின் கூட்டம்தான். பாவ்லவ், தார்ண்டைக், ஸ்கின்னர், கோலர், பியாஜே, வைகாட்ஸ்கி, புரூனர், ஆசுபெல், பண்டூரா, மாஸ்லோ, எரிக்சன், கோல்பர்க், கார்ட்னர் என்று பட்டியல் நீளும். பி.எட். படிப்பவருக்கும் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் இருப்பவருக்கும் இதே கூட்டம்தான். ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதுபவருக்கோ, 150 கேள்விகளில் 30 கேள்விகள் குழந்தை மேம்பாடு, கற்பித்தல் முறை பற்றியவை. அங்கேயும் இவர்களேதான் வந்து நிற்பார்கள்.

இத்தனை பேரையும் மனத்தில் இருத்த, ஏறக்குறைய எல்லா மாணவர்களும் ஒரே வழியைத்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஒரு தாளை எடுத்து மூன்று பத்தியாகக் கோடு போடுகிறார்கள். முதல் பத்தியில் அறிஞர் பெயர், இரண்டாவதில் மையக் கருத்து, மூன்றாவதில் வகுப்பறை உதாரணம். நல்ல வழிதான். ஆனால் முதல் இரண்டு பத்திகளையும் புத்தகத்தைப் பார்த்து எழுதிவிடலாம். ஒன்றுமே புரியாமல்கூட எழுதலாம். மூன்றாவது பத்தியை அப்படி எழுத முடியாது. அந்தக் கட்டத்தில் எழுதியதைப் பார்த்தாலே அந்த மாணவருக்குக் கோட்பாடு பிடிபட்டதா இல்லையா என்று சொல்லிவிடலாம். ஆகவே, அட்டவணை போடும் வேலையில் பெரும்பகுதி நேரம் மூன்றாம் பத்திக்குத்தான் போக வேண்டும்.

அதற்குமுன் பெயர்களை ஒழுங்குபடுத்த வேண்டும். புத்தகத்தில் வரும் வரிசையிலேயே எழுதிக்கொண்டு போனால், ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாதவர்கள் அடுத்தடுத்த கட்டங்களில் உட்கார்ந்துவிடுவார்கள். எரிக்சனும் ஸ்கின்னரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. புதிதாக ஒன்றை மனிதர் எப்படிக் கற்கிறார் என்பது பாவ்லவ், தார்ண்டைக், ஸ்கின்னர், கோலர், பண்டூரா போன்றோரின் கேள்வி. வயது ஏற ஏறக் குழந்தை எப்படி மாறுகிறது என்பது பியாஜே, எரிக்சன், கோல்பர்க் ஆகியோரின் கேள்வி. எது ஒருவரைச் செயலில் இறங்க வைக்கிறது என்று மாஸ்லோ கேட்டார். ஒருவருக்கும் இன்னொருவருக்கும் திறமையில் என்ன வேறுபாடு என்பது கார்ட்னர் எடுத்துக்கொண்ட விஷயம். வைகாட்ஸ்கி, புரூனர் போன்ற சிலருக்கு இரண்டு வீட்டிலும் கால் இருக்கிறது. அவர்களை எந்த வகுப்பறைக் காட்சிக்காக அழைக்கிறோமோ அங்கே வைத்துக்கொள்ளலாம். இப்படிக் கேள்வி வாரியாகப் பிரித்தால், ஒரே கேள்விக்கு வெவ்வேறு பதில் சொன்னவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வருவார்கள். அட்டவணையின் பயனே அந்த அண்டை வீட்டு ஒப்பீட்டில்தான் இருக்கிறது.

இரண்டாம் பத்திக்கு ஒரு விதி போதும். அங்கே எழுதுவது ஒரு முழு வாக்கியமாக இருக்க வேண்டும். எது நடந்தால் எது மாறும் என்று அது சொல்ல வேண்டும். ‘ஸ்கின்னர் – செயல்படு ஆக்கநிலையுறுத்தம்’ என்று எழுதினால் அது பெயர்ப்பலகை, கருத்து ஆகாது. ‘ஒரு செயலுக்குப் பின் கிடைக்கும் விளைவு, அந்தச் செயல் மீண்டும் நிகழும் வாய்ப்பைக் கூட்டும் அல்லது குறைக்கும்’ என்று எழுதினால், அதை வைத்து வகுப்பில் ஒன்றைச் செய்து பார்க்க முடியும்.

இப்போது மூன்றாம் பத்தி. பாவ்லவுக்கு எதிரே பலர் எழுதும் உதாரணம் பள்ளி மணி. கடைசி மணி அடித்ததும் பிள்ளைகள் புத்தகத்தைப் பைக்குள் வைக்கிறார்கள். நாய்க்கு மணி, பிள்ளைகளுக்கும் மணி, ஆகவே பாவ்லவ். மணி என்ற ஒரே ஒற்றுமையில் எழுதப்பட்ட உதாரணம் இது. பாவ்லவ் ரஷ்யாவின் உடலியல் அறிஞர். செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904-ல் நோபல் பரிசு பெற்றவர். அவர் கவனித்தது உமிழ்நீரை. உமிழ்நீர் நாம் நினைத்துச் சுரப்பதில்லை, தானாகச் சுரப்பது. உணவோடு சேர்ந்து வந்த இன்னொரு தூண்டல், பிறகு உணவு இல்லாமலே அந்தத் தானியங்கித் துலங்கலை எழுப்புகிறது என்பதுதான் அவருடைய கண்டுபிடிப்பு. பையை எடுத்து வைப்பது தானாக நிகழும் துலங்கலா? இல்லை. பிள்ளை விரும்பிச் செய்கிற செயல் அது. மணிக்குப் பிறகு பையை மூடினால் வீட்டுக்குப் போகலாம் என்ற விளைவு அதை நிலைநிறுத்துகிறது. அது ஸ்கின்னரின் வீட்டுப் பிள்ளை.

பாவ்லவுக்கு உரிய வகுப்பறை உதாரணம் வேறு. விடை தெரியாமல் கரும்பலகை முன் நின்றபோது வகுப்பே சிரித்ததால் கூசிப்போன ஒரு சிறுமியை எடுத்துக்கொள்ளுங்கள். இது இரண்டு மூன்று முறை நடந்துவிட்டது. இனி கணக்குப் பாடவேளை தொடங்கும்போதே அவளுக்கு நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். யாரும் இன்னும் அவளை எழுப்பவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. அவமானத்தோடு சேர்ந்து வந்த கணக்குப் புத்தகம், இப்போது தனியாகவே அந்தப் படபடப்பை எழுப்புகிறது. இந்த உதாரணத்தை ஸ்கின்னரின் கட்டத்துக்குள் தள்ள முடியாது, ஏனென்றால் அவள் எதையும் ‘செய்யவில்லை’.

உதாரணத்துக்கான சோதனை இதுதான்: எழுதியதை அப்படியே பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்திப் பாருங்கள். அங்கேயும் பொருந்தினால் அது இன்னும் உதாரணம் ஆகவில்லை. ‘ஆசிரியர் மாணவர்களை ஊக்கப்படுத்துகிறார்’, ‘குழுவாகப் பயில வைக்கிறார்’, ‘செயல்பாடு மூலம் கற்பிக்கிறார்’ போன்ற வாக்கியங்கள் அச்சிட்ட வழிகாட்டிகளில்கூட நிறைய வருகின்றன. அவற்றை எந்த அறிஞருக்கு எதிரே வைத்தாலும் உட்கார்ந்துகொள்ளும்.

இந்தச் சோதனையை ஒழுங்காகச் செய்வதற்கு நான் கண்ட சிறந்த வழி, ஒவ்வொரு அறிஞருக்கும் தனித்தனியாக உதாரணம் தேடாமல், ஒரே வகுப்பறைக் காட்சியை எல்லாருக்கும் கொடுப்பது. ஒரே பிள்ளை, ஒரே தவறு. ஒவ்வொருவரும் அதில் எதைப் பார்க்கிறார், என்ன செய்யச் சொல்கிறார் என்று எழுத வேண்டும். காட்சி மாறாததால், மாறுவது கோட்பாடு மட்டும்தான் என்று தெளிவாகத் தெரியும்.

காட்சி இது. மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தல் நடக்கிறது. 52-லிருந்து 27-ஐக் கழிக்க வேண்டும். ஒரு சிறுவன் 35 என்று விடை எழுதுகிறான். விடை 25. கவனக்குறைவு என்று நினைத்துவிடத் தோன்றும். ஆனால் அடுத்த கணக்கில் 64-லிருந்து 38-ஐக் கழித்து 34 என்கிறான். 71-லிருந்து 46-ஐக் கழித்து 35 என்கிறான். மூன்றிலும் ஒரே விதியைத்தான் பின்பற்றியிருக்கிறான்: ஒவ்வொரு இடத்திலும் எது பெரிய எண்ணோ அதிலிருந்து சிறியதைக் கழி. 2-லிருந்து 7 போகாது என்பதால் 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 என்று போட்டுவிட்டான். பிள்ளைகளின் கணக்குப் பிழைகளை ஆராய்ந்தவர்கள் நன்றாக அறிந்த பிழை இது. பல நாட்டுப் பிள்ளைகளும் செய்வது.

முதலில் ஸ்கின்னரை அழைப்போம். அவர் கேட்பார்: இந்த விதி இவனிடம் எப்படி நிலைபெற்றது? பழைய நோட்டைப் புரட்டினால் பதில் கிடைக்கும். 58-லிருந்து 23, 76-லிருந்து 41 என்று கடன் வாங்கத் தேவையில்லாத கணக்குகளை அவன் வாரக்கணக்கில் போட்டிருக்கிறான். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தே அத்தனைக்கும் சரி வாங்கியிருக்கிறான். ஒவ்வொரு சரிக் குறியும் அந்த விதிக்குக் கிடைத்த வலுவூட்டல். தவறான விதியை வளர்த்ததே ஆசிரியரின் சிவப்பு மைதான். அப்படியானால் தீர்வு என்ன? கடன் வாங்கும் கணக்குகளையும் வாங்காத கணக்குகளையும் கலந்து கொடுக்க வேண்டும். படியைச் சிறிதாக்க வேண்டும். ஒவ்வொரு படி முடிந்ததும் சரியா தவறா என்று உடனே தெரிய வேண்டும். ஸ்கின்னர் 1953-ல் தன் மகளின் நான்காம் வகுப்புக் கணக்குப் பாடத்தைப் பார்க்கப் போனபோது அவரை உறுத்தியதும் இதுதான். பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டே போகிறார்கள், போட்டது சரியா என்று அப்போதே அவர்களுக்குத் தெரிவதில்லை. அந்த உறுத்தலிலிருந்துதான் அவர் தன் கற்பிக்கும் இயந்திரத்தை வடிவமைக்கத் தொடங்கினார்.

அடுத்து பியாஜே. அவருக்குச் சிவப்பு மையில் ஆர்வமில்லை. சிறுவனின் தலைக்குள் இருக்கும் அமைப்பில்தான் ஆர்வம். ‘கழித்தல் என்றால் பெரியதிலிருந்து சிறியதை எடுப்பது’ என்று ஓர் அமைப்பு அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. 52-லிருந்து 27 என்ற புதுக் கணக்கு வந்ததும், அமைப்பை மாற்றாமல் கணக்கை அமைப்புக்குள் திணித்துவிட்டான். இதுதான் தன்மயமாக்கல். அமைப்பே மாற வேண்டுமானால் அது தோற்பதை அவன் கண்ணால் பார்க்க வேண்டும். ஆகவே ஆசிரியர் 52 புளியங்கொட்டைகளைக் கொடுத்து, 27-ஐ எடுத்துவிட்டு மீதியை எண்ணச் சொல்கிறார். எண்ணினால் 25. தாளிலோ 35. சிறுவன் மறுபடி எண்ணுகிறான், மறுபடியும் 25. இரண்டு விடையும் சரியாக இருக்க முடியாது என்று அவனுக்கே தெரிகிறது. இந்தத் தடுமாற்றத்தைப் பியாஜே சமநிலைக் குலைவு என்பார். இங்கே ஆசிரியர் அவசரப்பட்டு ‘தப்பு’ என்று சொல்லிவிட்டால் அந்த வேலை கெட்டுப்போகும். முரண்பாட்டை அவனே தீர்க்க முயலும்போதுதான் பழைய அமைப்பு புதிய கணக்குக்கு ஏற்ப மாறும்.

புளியங்கொட்டை வந்ததும் பலர் இதைப் புரூனரின் கட்டத்திலும் எழுதுவார்கள். கையில் தொட்டுச் செய்வது என்பதாலேயே அது புரூனர் ஆகிவிடாது. அவர் சொன்னது ஒரு பயணம்: செயலாக அறிவது, படமாக அறிவது, குறியீடாக அறிவது. அவருக்கு இந்தக் காட்சியில் உதிரிப் புளியங்கொட்டையைவிடப் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகள் பொருத்தம். ஐந்து கட்டுகள், இரண்டு உதிரிக் குச்சிகள். ஏழு உதிரி எடுக்க வேண்டும், இரண்டுதான் இருக்கிறது. ஒரு கட்டைப் பிரித்தால் நான்கு கட்டு, பன்னிரண்டு உதிரி. மறுநாள் குச்சி இல்லை. கட்டுக்கு நீளக் கோடும் உதிரிக்குப் புள்ளியும் நோட்டில் வரைகிறான். ஒரு கோட்டை அடித்துவிட்டுப் பத்துப் புள்ளி வைக்கிறான். அதன் பிறகுதான் 5-ஐ அடித்து 4 என்றும், 2-க்குமுன் ஒரு சிறிய 1-ம் எழுதுகிறான். அந்தச் சின்ன 1 என்பது தான் பிரித்த கட்டு என்று அவனுக்குத் தெரியும். இந்த மூன்றும் உதாரணத்தில் இருந்தால்தான் அது புரூனர். குச்சியோடு நின்றுவிட்டால் இல்லை.

வைகாட்ஸ்கி, பியாஜே பிறந்த அதே 1896-ல் பிறந்தவர்; 37 வயதிலேயே காசநோயால் இறந்துபோனார். அவர் இந்தச் சிறுவனைத் தனியாகப் பார்க்க மாட்டார். இதே தவறைச் செய்த இன்னொரு சிறுமியையும் அழைத்து வரச் சொல்வார். தனியாக எழுதிய தேர்வில் இருவருக்கும் பூஜ்யம். இப்போது ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து, “ரெண்டுல இருந்து ஏழு எடுக்க முடியுமாப்பா?” என்று மட்டும் கேட்கிறார். சிறுவன் ஒரு கணம் யோசித்து, “முடியாது சார்... பத்துல ஒண்ணைப் பிரிக்கணும்” என்று சொல்லிக் கணக்கை முடித்துவிடுகிறான். சிறுமிக்கோ அந்தக் கேள்வி போதவில்லை. எந்தக் கட்டைப் பிரிப்பது, பிரித்தால் எத்தனை ஆகும் என்று ஒவ்வொரு படியிலும் உதவி வேண்டியிருக்கிறது. அப்படியும் பாதியில் நின்றுவிடுகிறாள். மதிப்பெண் ஒன்றுதான், ஆனால் இருவரும் ஒரே இடத்தில் இல்லை. வைகாட்ஸ்கியே எழுதிய விளக்கமும் இதே அமைப்பில்தான் இருக்கும்: தனியாகச் சோதித்தால் எட்டு வயது அளவில் நிற்கும் இரண்டு பிள்ளைகளில், உதவியோடு ஒருவர் பன்னிரண்டு வயதுக்குரிய கணக்கு வரை போகிறார், மற்றவர் ஒன்பது வரைதான் போகிறார். தனியாக முடிவதற்கும் உதவியோடு முடிவதற்கும் இடையிலுள்ள அந்த வெளியைத்தான் அண்மை வளர்ச்சி மண்டலம் என்கிறோம். ஆகவே அவருடைய கட்டத்தில் ‘குழுவாகக் கற்றல்’ என்று மட்டும் எழுதுவது மிகவும் குறைவு. உதவி இல்லாத நிலை, உதவி உள்ள நிலை இரண்டும் அதில் இருக்க வேண்டும்.

இதே கட்டத்தில் இன்னொரு தவறும் நுழைகிறது. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல் ஆசிரியர் தற்காலிகமாகத் தாங்கிப் பிடித்து, பிள்ளைக்குத் திறமை வர வர உதவியை விலக்கிக்கொள்ளும் கருத்தைப் பல அட்டவணைகள் வைகாட்ஸ்கியின் பெயரில் எழுதுகின்றன. கற்பித்தலுக்கு அந்தப் பெயரைக் கொண்டுவந்தது வைகாட்ஸ்கி இறந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1976-ல் வுட், புரூனர், ராஸ் மூவரும் எழுதிய கட்டுரை. கருத்து அவருடைய மண்டலத்தோடு நன்றாக ஒட்டுகிறது என்பதால் சேர்த்து எழுதலாம். யாருடைய சொல் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

கடைசியாகப் பண்டூரா. பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் தாமும் அப்படியே அடித்தார்கள் என்ற 1961-ஆம் ஆண்டு ஆய்வை எல்லா அட்டவணைகளும் குறிப்பிடும். ஆனால் அது ஆய்வகம். வகுப்பறை உதாரணம் இல்லை. நம் காட்சியில் பண்டூரா என்ன செய்வார்? ஆசிரியர் போட்டுக் காட்டுவதைவிட, இவனைப் போலவே தடுமாறிய ஒரு பிள்ளையைக் கரும்பலகைக்கு அழைப்பார். அந்தப் பிள்ளை, “ரெண்டுல ஏழு போகாது... அப்ப இந்தப் பத்தை உடைச்சுக்கணும்” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கணக்கை முடிக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவன் இரண்டைப் பெறுகிறான். ஒன்று, செய்முறை. மற்றொன்று, ‘அவளால் முடிகிறது என்றால் என்னாலும் முடியும்’ என்ற நம்பிக்கை; பண்டூரா அதைத் தன்திறன் நம்பிக்கை என்றார். இது வெறும் ஊகம் இல்லை. 1985-ல் ஷங்க், ஹான்சன் இருவரும், கடன் வாங்கிக் கழித்தலில் சிரமப்பட்ட பிள்ளைகளை வைத்தே இதைச் சோதித்தார்கள். ஒத்த வயதுப் பிள்ளை கற்பதைக் காணொளியில் பார்த்தவர்கள், ஆசிரியர் போட்டுக் காட்டுவதைப் பார்த்தவர்களைவிட அதிக நம்பிக்கையும் பெற்றார்கள், அதிகக் கணக்குகளும் சரியாகப் போட்டார்கள்.

இத்தனைக்கும் பிறகு அட்டவணையில் எழுத வேண்டியது சுருக்கமாக இருக்கும். காட்சி ஒன்றே என்பதால் மூன்றாம் பத்தியை மேலிருந்து கீழே படித்தால் ஒவ்வொரு வரியும் அடுத்ததிலிருந்து எங்கே பிரிகிறது என்று தெரியும்.

| அறிஞர் | மையக் கருத்து | வகுப்பறை உதாரணம் (52 – 27 = 35 என்ற தவறு) |
|---|---|---|
| ஸ்கின்னர் | செயலுக்குப் பின் வரும் விளைவு, அது மீண்டும் நிகழ்வதைத் தீர்மானிக்கிறது | எளிய கணக்குகளில் கிடைத்த ‘சரி’ தவறான விதியை வலுவூட்டியது. கணக்குகளைக் கலந்து கொடுத்து, படிக்குப் படி உடனே விடை சொல்வது |
| பியாஜே | பழைய அமைப்பு தோற்கும்போது பிள்ளை அதை மாற்றியமைக்கிறது | கொட்டையை எண்ணினால் 25, தாளில் 35. முரண்பாட்டைப் பிள்ளையே தீர்க்கவிடுவது |
| புரூனர் | செயல், படம், குறியீடு என்ற வரிசையில் அறிவு உருவெடுக்கிறது | குச்சிக் கட்டைப் பிரிப்பது, பிறகு கோடும் புள்ளியும், பிறகு எண் |
| வைகாட்ஸ்கி | உதவியோடு முடிவது நாளை தனியாக முடியும் | தனியாகப் பூஜ்யம் வாங்கிய இருவரில் ஒருவர் ஒரே கேள்வியில் முடிக்கிறார், மற்றவரால் முடியவில்லை |
| பண்டூரா | பிறர் செய்வதைக் கவனித்தே செயலையும் நம்பிக்கையையும் பெறலாம் | தன்னைப் போன்ற பிள்ளை வாய்விட்டுச் சொல்லிக் கணக்குப் போடுவதைப் பார்ப்பது |

எல்லா அறிஞரையும் இந்தக் காட்சிக்குள் இழுக்கக் கூடாது. கோல்பர்க் நீதி உணர்வு வளர்வதைப் பற்றிப் பேசியவர். கழித்தல் கணக்கில் அவருக்கு வேலை இல்லை. பக்கத்துப் பிள்ளையின் விடையைப் பார்த்து எழுதலாமா என்ற கேள்வியில்தான் அவர் வருவார். அங்கேயும் ‘பார்த்து எழுதக் கூடாது’ என்ற விடையில் அவருக்கு அக்கறை இல்லை. அதற்குப் பிள்ளை சொல்லும் காரணத்தில்தான் அக்கறை. ‘டீச்சர் அடிப்பாங்க’ என்பதும், ‘படிச்சு எழுதினவங்களுக்கு அது நியாயமில்ல’ என்பதும் அவருக்கு வெவ்வேறு நிலை. இப்படி ஒவ்வொரு கேள்விக் கூட்டத்துக்கும் ஒரு பொதுக் காட்சி வேண்டும்.

தனியாகச் சொல்ல வேண்டிய ஒரு கட்டம் இருக்கிறது. அதிகம் பேர் சறுக்குவது அங்கேதான். எதிர்மறை வலுவூட்டல் என்பதற்கு எதிரே, ‘வீட்டுப்பாடம் செய்யாதவனை வெளியே நிறுத்துதல்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது தண்டனை. வலுவூட்டல் எதுவானாலும் செயலைக் கூட்டும். எதிர்மறை என்பது, பிடிக்காத ஒன்று நீங்குவதால் செயல் கூடுகிறது என்பதை மட்டும் குறிக்கிறது. நான்கு நாளும் வீட்டுப்பாடம் முடித்தவர்களுக்கு வெள்ளிக்கிழமை வீட்டுப்பாடம் கிடையாது என்று ஆசிரியர் அறிவிக்கிறார், அதனால் முடிப்பவர்கள் கூடுகிறார்கள் என்றால் அது எதிர்மறை வலுவூட்டல்.

இன்னும் நுட்பமாகப் பார்த்தால், ஆசிரியரின் எண்ணத்தை வைத்து இதற்குப் பெயரிட முடியாது. கணக்கு வகுப்பே பிடிக்காத ஒரு பையன் சேட்டை செய்கிறான். ஆசிரியர் தண்டனை என்று நினைத்து வெளியே அனுப்புகிறார். மறுநாள் அவன் இன்னும் சீக்கிரமாகச் சேட்டையைத் தொடங்குகிறான். நடந்தது என்ன? பிடிக்காத வகுப்பு நீங்கியது, சேட்டை கூடியது. தண்டனை என்று கொடுத்தது எதிர்மறை வலுவூட்டலாக வேலை செய்துவிட்டது. அடுத்த வாரம் அந்தச் செயல் கூடியதா குறைந்ததா என்று எண்ணிப் பார்த்துத்தான் அதற்குப் பெயர் சொல்ல வேண்டும். எனவே ஸ்கின்னருக்கான எந்த உதாரணத்திலும் ‘பிறகு என்ன ஆனது’ என்ற பாதியை விடக் கூடாது.

வாய்ப்பிருந்தால் நான்காவதாக ஒரு பத்தியும் சேர்க்கலாம்: இந்தக் கோட்பாடு எங்கே நின்றுவிடுகிறது? எல்லாருக்கும் எழுத வேண்டியதில்லை. உறுதியான ஆய்வு தெரிந்த இடத்தில் மட்டும் போதும். ஸ்கின்னருக்கு எதிரே 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் செய்த ஆய்வை எழுதலாம். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளில் ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், அவர்கள் தாமாக வரையும் நேரம் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்ற பிள்ளைகளிடம் அந்தக் குறைவு இல்லை. பிள்ளைக்கு ஏற்கெனவே பிடித்த வேலைக்குப் பரிசைப் பேரம் பேசும்போது ஆசை தேயக்கூடும் என்ற எச்சரிக்கை இது.

பியாஜேவுக்கு எதிரே ஒரு பொம்மைக் கரடி வரும். ஒரே எண்ணிக்கையில் இரண்டு வரிசை வில்லைகளை அடுக்கி, ஒரு வரிசையை மட்டும் நீட்டிவிட்டு ‘எதில் அதிகம்?’ என்று கேட்டால், சிறு பிள்ளைகள் நீளமான வரிசையைக் காட்டுவார்கள். எண்ணிக்கை மாறவில்லை என்ற அறிவு அவர்களுக்கு இன்னும் வரவில்லை என்றார் பியாஜே. மக்காரிகிள், டொனால்ட்சன் இருவரும் 1970-களில் அதே சோதனையைச் சிறிது மாற்றினார்கள். வரிசையைக் கலைத்தது பெரியவர் இல்லை, ‘குறும்புக்காரக் கரடி’ ஒன்று. அப்போது சரியாகச் சொன்ன பிள்ளைகள் வெகுவாகக் கூடினார்கள். ஆசிரியர் கையால் மாற்றிவிட்டு மறுபடி அதே கேள்வியைக் கேட்டால், விடையையும் மாற்றச் சொல்கிறார் போலிருக்கிறது என்று பிள்ளை நினைத்திருக்கலாம். ஆகவே, பியாஜே சொன்ன வயதுகளைச் சட்டமாக எழுதாமல், நாம் கேள்வி கேட்கும் விதமும் விடையைப் பாதிக்கும் என்று நான்காம் பத்தியில் குறித்துக்கொள்ள வேண்டும்.

அட்டவணை முடிந்த பிறகு அதை வைத்துப் படிக்கும் முறை ஒன்று உண்டு. திரும்பத் திரும்ப வாசிப்பது மிகக் குறைந்த பலன் தரும். ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். எனவே முதல் இரண்டு பத்திகளையும் ஒரு தாளால் மறைத்துக்கொண்டு உதாரணத்தை மட்டும் பார்த்து அறிஞரையும் கருத்தையும் சொல்லிப் பார்க்க வேண்டும். தேர்விலும் கேள்வி இந்தத் திசையில்தான் வரும்: ஓர் ஆசிரியர் இப்படிச் செய்கிறார், இது எந்தக் கோட்பாடு? சில நாள் இடைவெளி விட்டு, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் எழுதிப் பார்க்கலாம்.

இருவர் சேர்ந்து படித்தால் இன்னும் நல்லது. ஒருவர் தன் வகுப்பில் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல, மற்றவர் அது எந்தக் கட்டத்துக்கு உரியது என்று சொல்லிக் காரணமும் சொல்ல வேண்டும். சில நிகழ்ச்சிகள் இரண்டு கட்டங்களுக்கு நடுவில் நின்றுவிடும். ஒரு பெண் பாடம் ஒப்பித்துப் பாராட்டு வாங்குகிறாள். அதைப் பார்த்த பக்கத்துப் பெண்ணும் மறுநாள் ஒப்பிக்கிறாள். பாராட்டு கிடைத்தது முதல் பெண்ணுக்கு, செயல் கூடியது இரண்டாம் பெண்ணுக்கு. ஸ்கின்னர் கட்டத்தில் இது அடங்காது. பிறருக்குக் கிடைத்த வலுவூட்டலைப் பார்த்தே கற்கலாம் என்று காட்டியவர் பண்டூரா. இப்படி நடுவில் நிற்கும் நிகழ்ச்சி கிடைத்தால், அதை இரண்டு பெயர்களுக்கும் இடையில் உள்ள கோட்டிலேயே எழுதி, எந்த ஒரு விவரம் மாறினால் அது எந்தப் பக்கம் சாயும் என்று ஓரத்தில் குறித்து வையுங்கள்.